ஏழாம் தேதிப் பரீட்சைக்கு ஜனவரியில் ஒரு வீடியோ

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கரிசலில் மிளகாய்ப் பழம் எடுக்கிற காலமும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் சேர்ந்தேதான் வரும். பகலெல்லாம் பெரியவர்கள் காட்டில் இருப்பார்கள். வீட்டில் இருக்கிற ஒரே ஃபோனும் அவர்களோடு காட்டில் இருக்கும். பிள்ளைகள் கைக்கு அது வந்து சேர இருட்டிவிடும். அந்த ஃபோனை எதிர்பார்த்து வேலை செய்கிற ஒரு அக்காவையும் தம்பியையும் பார்க்கத்தான், 2025 பொதுத்தேர்வு முடிந்த கையோடு அங்கே போயிருந்தேன்.

அக்கா கணக்கு டீச்சர். தம்பிக்கு அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. இருவரும் சேர்ந்து பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மட்டும் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார்கள். கரும்பலகை கிடையாது. ஒரு மேசை, அதன்மேல் கோடு போடாத நோட்டு, ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து நிற்கும் ஒரு ஸ்டாண்டு, இரண்டு டியூப் லைட். படத்தில் டீச்சரின் கையும் பேனாவும் மட்டும்தான் தெரியும்.

“எந்த வீடியோ போடணும்கிறதுல எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லைண்ணே. எப்பப் போடணும்கிறதுலதான் ரெண்டு வருசம் போச்சு” என்றார் டீச்சர்.

பாடம் நடத்தும் சேனலின் பார்வைக் கணக்கு வருடம் முழுக்க ஒரே சீராகப் போகாது. ஜூனில் பள்ளி திறந்ததும் மெல்ல எழும். செப்டம்பர் காலாண்டுக்கு ஒரு சிறு மேடு, டிசம்பர் அரையாண்டுக்கு அதைவிடப் பெரிய மேடு. பொங்கலுக்கு இறங்கி, திருப்புதல் தேர்வுகளோடு மறுபடி ஏறும். பொதுத்தேர்வில் அந்தந்தப் பாடத்துக்கு முந்தின நாள் செங்குத்தாக உயர்ந்து, மறுநாள் மதியம் ஒரேயடியாக விழும். சேனல் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. உச்சம் முந்தின நாள்தான் என்று தெரிந்ததால் இவர்களும் ஆரம்பத்தில் முந்தின நாள் மாலையில்தான் வீடியோவை ஏற்றினார்கள். அது எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை என்பதைத் தம்பி திரையைத் திறந்து காட்டியபோதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது.

ஒரு வீடியோவுக்கு ஆட்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று யூடியூப் ஸ்டூடியோ பிரித்துக் காட்டும். முந்தின நாள் ஏற்றிய பழைய வீடியோவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சப்ஸ்கிரைப் செய்தவர்கள். முகப்புப் பக்கத்திலும் அறிவிப்பிலும் பார்த்து வந்தவர்கள். ‘YouTube search’ என்ற வரியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று ராத்திரி பிள்ளைகள் தேடித்தான் பார்க்கிறார்கள். `10th maths geometry 8 mark` என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அந்தத் தேடலில் முன்னால் நிற்பவை, ஏற்கெனவே பலர் தேடிவந்து, சொடுக்கி, நின்று பார்த்த வீடியோக்கள்தான். மாலையில் பிறந்த வீடியோவுக்கு அந்தப் பூர்வீகம் இல்லை. அது வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும். லட்சக்கணக்கில் சப்ஸ்கிரைபர் உள்ள சேனலுக்கு இது பொருட்டில்லை, அறிவிப்பு போனாலே கூட்டம் சேர்ந்துவிடும். சின்ன சேனலுக்குத் தேடல்தான் வாசல்.

அதனால் இவர்கள் தேதியைப் பின்னாலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். 2025-இல் நடந்ததை டீச்சர் வரிசையாகச் சொன்னார்.

அந்த வருடம் ஏப்ரல் 2 புதன்கிழமை ஆங்கிலம், ஏப்ரல் 7 திங்கட்கிழமை கணக்கு. நடுவில் 4-ஆம் தேதி விருப்ப மொழித் தாள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஆக, புதன் மதியம் தொடங்கி திங்கள் காலைவரை கணக்குக்கே முழுதாக வாய்த்த இடைவெளி. 2024-இல் மார்ச் 28 ஆங்கிலம், ஏப்ரல் 1 கணக்கு என்று இதைவிடக் குறைவு. இடைவெளி நீளமாக இருந்தால் பிள்ளைகள் முதல் இரண்டு நாளில் நீண்ட வீடியோவைக்கூடப் பார்ப்பார்கள். குறைந்தால் சின்னதை மட்டும்தான் தொடுவார்கள். அதனால் கால அட்டவணை வந்ததும் அக்காவும் தம்பியும் முதலில் பார்ப்பது பரீட்சைத் தேதியை அல்ல, இரண்டு தேதிகளுக்கு நடுவில் உள்ள நாட்களை.

அடுத்தது என்ன போடுவது என்பது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 14 ஒரு மதிப்பெண் வினா. இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. அந்த இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். சேர்த்தால் 16 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்று தடுமாறுகிற பிள்ளை பெரிதாக நம்புவது இந்த 16-ஐத்தான். சூத்திரம் மறந்தாலும் கை பழகியிருந்தால் வரைந்துவிடலாம். மெல்லக் கற்போர் என்று பள்ளிகளில் சொல்கிற பிள்ளைகள் கடைசி ராத்திரி தேடுவதும் இதையேதான்.

தொடுகோடு வரைவதை எப்படி எடுத்தார்கள் என்று காட்டினார்கள். 3 செ.மீ ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ தொலைவில் P என்ற புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். முதலில் உதவிப் படம். பிறகு O-வை மையமாக வைத்து வட்டம். OP-ஐ 8 செ.மீ-க்கு இழுத்து மையக்குத்துக்கோடு போட்டால் M கிடைக்கும். M-இல் காம்பஸ் முனையை ஊன்றி MO அளவுக்கு, அதாவது 4 செ.மீ-க்கு, இன்னொரு வட்டம். அது முதல் வட்டத்தை வெட்டும் A, B இரண்டையும் P-உடன் சேர்த்துவிட்டால் முடிந்தது. அளந்தால் ஏறக்குறைய 7.4 செ.மீ வரும். 64-இல் 9 கழித்து 55, அதன் வர்க்கமூலம் 7.4 என்று சரிபார்ப்பும் எழுத வேண்டும். டீச்சர் காம்பஸ் முள்ளை ஊன்றிய பிறகு ஒரு கணம் கையை எடுத்துவிடுகிறார். முள் எங்கே நிற்கிறது என்று பிள்ளை பார்க்க வேண்டுமே. அந்த ஒரு கணத்தைத் தம்பி எடிட்டிங்கில் வெட்டுவதே இல்லை.

இதை ஒரே பாடமாக இரண்டு வடிவத்தில் எடுத்தார்கள். விளக்கத்தோடு நீளமானது அரையாண்டுக்கு முன்பே, நவம்பரில் ஏறிவிட்டது. வரைவதை மட்டும் காட்டுகிற ஐந்து நிமிட வடிவம் ஜனவரியில், திருப்புதல் தேர்வு தொடங்குவதற்கு முன்னால் ஏறியது. முதல் திருப்புதலுக்குக் கொஞ்சம் பேர் தேடி வந்தார்கள், அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத அந்தச் சின்ன மேடுகள்தான் ஏப்ரலுக்கான முதல் என்கிறார் தம்பி. மார்ச்சில் அவர்கள் வடிவியலில் புதிதாக எதையும் ஏற்றவில்லை. வீடியோவுக்குள் நேரக் குறிப்புகளை மட்டும் திருத்தினார்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே தாவுகிறார்கள் என்பதைக் காட்டும் கோடு, கடைசி ராத்திரி யாரும் முதலிலிருந்து பார்ப்பதில்லை, தனக்கு வராத படிக்குத் தாவுகிறார்கள் என்று சொல்லியிருந்தது. குறிப்பு `0:00`-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதி இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பகுதிகள் திரையில் தோன்றாது.

பிறகு ஒரு வரைபடத்தைக் காட்டி, “இதுல என்ன தப்புன்னு சொல்லுங்கண்ணே” என்றார் தம்பி. ஏப்ரல் 6 கம்பம் உயர்ந்து நின்றது. பரீட்சை நாளான 7-இல் கம்பம் படுத்துக் கிடந்தது. பார்த்தால், ஞாயிற்றுக்கிழமையே எல்லாரும் பார்த்து முடித்துவிட்டார்கள், திங்கள் காலையில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றும். விஷயம் வேறு. ஸ்டூடியோவின் நாள் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி ஓடுகிறது. நம் ஊர்க் கணக்கில் அந்த நாள் குளிர்காலத்தில் மதியம் 1.30-க்குப் பிறக்கும், அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றியபின் 12.30-க்குப் பிறக்கும். ஆக, 6-ஆம் தேதிக் கம்பத்துக்குள் ஞாயிறு மதியம் தொடங்கித் திங்கள் மதியம் 12.30 வரை அடக்கம். ஞாயிறு ராத்திரியும் பரீட்சை நாள் விடியற்காலையும் ஒரே கம்பத்தில் கலந்து கிடக்கின்றன. இது தெரியாமல் “பரீட்சைக்கு முந்தின நாள்தான் எல்லாம்” என்று திட்டம் போடுகிறவர்கள் விடியற்காலையைக் கோட்டைவிடுகிறார்கள்.

அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி, கடைசி 48 மணி நேரத்தை மணிக்கணக்காகக் காட்டும் பகுதி. அது நம் நேரப்படி ஓடும், நாள் போனால் நகர்ந்துவிடும். அதனால் தம்பி ஒவ்வொரு பரீட்சை அன்றும் மதியம் அதை மறக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். அவற்றில் இரண்டு மேடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று இரவு ஏழரையிலிருந்து பத்தரை வரை, இன்னொன்று விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு வரை. பத்து மணிக்குத் தேர்வு. அதற்கு வெகு முன்பே கோடு தரையில் கிடந்தது.

“ராத்திரி டேட்டா தீந்துபோயி படுத்த புள்ளைக, பன்னெண்டு மணிக்குப் புது டேட்டா வந்ததும் விடியக்காலைல எந்திரிச்சுப் பாக்குதுக” என்பது டீச்சரின் கணிப்பு. தினசரி டேட்டா பேக் நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால் அது எனக்கும் பொருத்தமாகவே பட்டது. இரவு மேட்டில் முழுக் கணக்கைப் பார்க்கிறார்கள், விடியலில் சரிபார்க்க மட்டும் வருகிறார்கள். விடியலுக்கென்று அவர்கள் வைத்திருப்பது எட்டு நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு சூத்திரத் தொகுப்பு. அதுவும் பிப்ரவரியில் ஏற்றியதுதான்.

முந்தின நாள் ஒரே ஒரு புது வீடியோ உண்டு. அது தேடலை நம்பியது அல்ல, சப்ஸ்கிரைபர்களுக்கானது. அதையும் அன்றைக்கு ஏற்றுவதில்லை. அதற்கு முந்தைய நாளே ஏற்றி, வெளியாகும் நேரத்தை மாலை ஆறரைக்குக் குறித்துவிடுகிறார்கள். யூடியூப் முதலில் மங்கலான தரத்தைத்தான் தயார் செய்யும், தெளிவானது வரக் கூடுதல் நேரம் ஆகும். மங்கலில் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடு தெரியாது, 7.4-ஆ 7.9-ஆ என்று குழம்பிய பிள்ளை அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். ஊரில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் தம்பி ஃபைலை அருப்புக்கோட்டைக்கே எடுத்துப் போய் ஏற்றுகிறார்.

‘கண்டிப்பா வரும்’ என்று தம்ப்நெயிலில் போட்டால் சொடுக்கு ஏறும் என்பது அவர்களுக்கும் தெரியும். டீச்சர் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார். அவர் சொன்ன காரணம் எனக்கு முக்கியமாகப் பட்டது. கடைசி ராத்திரி அப்படி ஒரு வாக்கை நம்பி மற்றதை மூடி வைக்கிற பிள்ளை, பெரும்பாலும் 35-க்குத் திணறுகிற பிள்ளைதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை. அந்த 16 மதிப்பெண்ணுக்குள்ளேயே எல்லா வகைக் கணக்கையும் காட்டுவதுதான் அவருடைய பதில். வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணமும் நடுக்கோடும் தந்த முக்கோணம், தொடுகோடு, இருபடி வரைபடம் எல்லாம் அதில் உண்டு.

ஏப்ரல் நடுவில் பார்வை வரைபடம் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. அதை முந்தின மாதத்தோடு ஒப்பிட்டால் சேனல் செத்துப்போனதாகத் தோன்றும், போன வருட ஏப்ரலோடு ஒப்பிட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும். நான் போயிருந்த அன்று டீச்சர் அந்த ஒப்பீட்டைக்கூடப் பார்க்கவில்லை. மே மாதம் முடிவுகள் வந்தபின் துணைத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்கு எந்த ஐந்து நிமிட வீடியோவை மேலே ஏற்றி வைப்பது என்றுதான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் புதிதாகத் தேடமாட்டார்கள், பழையதையே மறுபடி பார்ப்பார்கள் என்பதால் புதுப் படப்பிடிப்பு எதுவும் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. விடுமுறையில் எடுக்க வேண்டியதாகத் தனியே எழுதி வைத்திருந்தது வரைபடக் கணக்குகள் மட்டும். அவற்றில் சிறு சதுரக் கட்டங்கள் ஃபோன் திரையில் தெரியவில்லை என்று கமெண்டில் நிறையப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். கட்டம் பெரிதாக உள்ள தாள் வாங்கி, நவம்பருக்குள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து ஏற்றிவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.