பணம் வந்தா செக்கு ஓடும்

போன மாசம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பணம் இழுத்தடிக்கிற கடைக்காரங்களை எப்படிங்க சமாளிக்கிறீங்க?" அவர் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு கடைகளுக்குக் கொடுக்கிறாராம். நான் ஒரு கடையை முன்பணத்துக்கு மாத்தின கதையைச் சொல்றேன். அவருக்கு உதவும்னு நினைக்கிறேன்.

நமக்கு மல்லாட்டைச் சாகுபடி. நிலக்கடலையைத்தான் எங்க திண்டிவனம் பக்கம் மல்லாட்டைன்னு சொல்வோம். அதுல பாதியை மண்டிக்குப் போடாம, மரச்செக்குல ஆட்டி எண்ணெயா விக்கிறோம். சென்னையில ஒரு சின்னக் கடை மாசம் 30 லிட்டர் எடுக்குது. நடத்துறவர் நல்ல தம்பி. எங்க எண்ணெயை முதல்ல கடை அலமாரியில வச்சதே அவர்தான். பணத்தை ஏமாத்தினதே கிடையாது. ஆனா எண்ணெய் போய் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பணம் வரும். அதுவும் நாலு தடவை போன் பண்ணினாத்தான்.

30 லிட்டருக்கு 75 கிலோ பருப்பு வேணும். எங்க செக்குல ஒரு தடவைக்கு 15 கிலோ போடலாம், அப்ப அஞ்சு தடவை ஆட்டணும். ஆட்டுற கூலி, கேன், லாரி வாடகை எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய் அன்னன்னைக்கே கையிலிருந்து போகும். பருப்பு நம்மளுது, அதுக்குத் தனியா காசு எடுத்து வைக்கிறதில்ல. ஆனா மண்டிக்குப் போட்டிருந்தா அன்னைக்கே பணமாகியிருக்கும். லிட்டர் 320 ரூபாய்னு அவர் கணக்கு 9,600. ரெண்டு மாச பாக்கின்னா 19,200 வெளியில நிக்குது.

அந்தப் பணம் நிக்கிற நேரம்தான் வலி. ஆடிப் பட்டத்துல விதைச்ச மல்லாட்டைக்கு இருபது, இருபத்தஞ்சு நாள்ல களை எடுக்கணும். களை எடுக்க வர்ற அம்மாக்களுக்கு சாயங்காலமே கூலி கொடுத்துடணும், அவங்ககிட்ட அடுத்த மாசம்னு சொல்ல முடியாது. அப்புறம் நாப்பது, நாப்பத்தஞ்சாம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும். அது தவறினா காய் சரியா பிடிக்காம பொக்கு விழும். கடைக்காரர் பணம் வரட்டும்னு பயிர் காத்துக்கிட்டு நிக்காது.

அதனால முன்பணம்னு முடிவு பண்ணினேன். ஆனா சொல்றதுலதான் சிக்கல். எங்க எண்ணெய்ல மூணுல ஒரு பங்கு அவருக்குத்தான் போகுது. மனசு கோணி விட்டுட்டார்னா, அந்த எண்ணெயை வேற எங்க கொண்டு போறது?

அக்கா மகன் பட்டணத்துல வேலை பாக்கிறான். அவன் ஒண்ணு எழுதிக் கொடுத்தான்: "நீங்கள் தொடர்ந்து தாமதமாகப் பணம் தருவதால், இனி முன்பணம் இல்லாமல் எண்ணெய் அனுப்பப்படாது." உண்மைதான். ஆனா இதைப் படிக்கிறவருக்கு "தொடர்ந்து தாமதமாக" மட்டும்தான் கண்ணுல படும். தான் எப்ப கொடுத்தோம், ஏன் லேட்டாச்சுன்னு சமாதானம் சொல்ல ஆரம்பிப்பார். பேச்சு பழைய பாக்கிக்குப் போயிடும், புது ஏற்பாடு நிக்காது. எல்லாருக்கும் மாத்திட்டேன்னு எழுதச் சொன்னார் இன்னொருத்தர். அது பொய். மத்த வீட்டுக்காரங்க எண்ணெய் வந்த அன்னைக்கே பணம் அனுப்பிடறாங்க, அவங்களுக்கு நான் எதையும் மாத்தல. சென்னையில யாரோ ரெண்டு பேர் பேசிக்கிட்டா வெளியே வந்துடும்.

என் மனைவி சொன்னாங்க: "ஏங்க, அவரைப் பத்தி எதுக்குச் சொல்றீங்க? நம்ம கஷ்டத்தைச் சொல்லுங்க, அது போதும்." அது சரின்னு பட்டுச்சு. முதல்ல போன்ல ரெண்டு நிமிசம் பேசினேன். எழுத்துல திடீர்னு பாத்தா கோவமா தெரியும், குரல்ல அப்படித் தெரியாது. அப்புறம் வாட்ஸ்அப்புல இப்படி அனுப்பினேன்:

"தம்பி, வணக்கம். போன்ல சொன்னதுதான். செக்குக் கூலியும் கேன் காசும் நானே போட்டு அனுப்பிட்டு அப்புறம் வாங்கிக்கிற அளவுக்கு இப்ப கையில முதல் இல்ல. களைக் கூலி வேற இருக்கு. அதனால அடுத்த ஆர்டர்லேருந்து, பணம் வந்ததும் உங்களுக்கு ஆட்டி அனுப்புறேன். செவ்வாய்க்கிழமை செக்கு ஓட்டுறோம். ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள பணம் வந்தா அந்த வாரமே ஆட்டி, மூணு நாள் தெளிய வச்சு, வெள்ளிக்கிழமை லாரியில ஏத்திடுவேன். 30 லிட்டர் ஒரே தடவையா வேண்டாம்னா 10, 15 லிட்டராவும் எடுத்துக்கலாம், விலை அதேதான். முன்னாடி உள்ள பாக்கி தனி, அதை ரெண்டு தவணையா பாத்துக்கலாம்."

இதுல எனக்கு முக்கியமா பட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பணம் எங்கேன்னு இனி நான் கேக்க வேண்டியதில்ல. ஞாயித்துக்கிழமை வரலேன்னா அடுத்த செவ்வாய்க்கு ஆட்டுவேன், அவ்வளவுதான். முன்னாடி அவர் லேட் பண்ணினா நான் காத்திருப்பேன். இப்ப அவர் லேட் பண்ணினா அவர் எண்ணெய்தான் ஒரு வாரம் காத்திருக்கும். யார் மேலயும் யாருக்கும் கோவம் இல்ல.

பாக்கியைத் தனியா வச்சதும் காரணத்தோடதான். புது ஆர்டருக்கு வந்த பணத்தை நான் பழைய கணக்குல கழிச்சுட்டு, எண்ணெய் அனுப்பலேன்னு வைங்க. பணம் போட்டும் சரக்கு வரலேன்னு அவர் சொல்வார், அது நியாயமும்கூட. ரெண்டையும் கலக்கக்கூடாது.

ரெண்டாவது மாசமே சோதனை வந்துச்சு. திங்கட்கிழமை போன்: "ஐயா, இந்த ஒரு தடவை மட்டும் அனுப்பிடுங்க, வெள்ளிக்கிழமை கண்டிப்பா போட்டுடறேன்." அந்த ஒரு தடவை கொடுத்தா ஏற்பாடு அன்னையோட முடிஞ்சுது. "பரவாயில்ல தம்பி, வெள்ளிக்கிழமையே போடுங்க, அடுத்த செவ்வாய்க்கு முதல் ஆட்டு உங்களுதுதான்"னு சொன்னேன். இல்லைன்னும் சொல்லல, கொடுக்கவும் இல்ல. சனிக்கிழமை "போட்டுட்டேன்"னு போட்டோ வந்துச்சு. பேங்க் கணக்குல பணம் ஏறினதைப் பார்த்துட்டுத்தான் பருப்பை எடுத்து வச்சேன்.

இப்ப அவர் 30 எடுக்கிறதில்ல, 15 லிட்டரா மாசம் ரெண்டு தடவை எடுக்கிறார். அப்பத்தான் எனக்கு விசயம் புரிஞ்சுது. எண்ணெய் வித்த காசு கைக்கு வந்தாத்தான் அவரால கொடுக்க முடியும், 30 லிட்டர் விக்க அவருக்கு நாள் ஆகுது. லாரி வாடகை ரெண்டு தடவை ஆகுது, அதை ஆளுக்குப் பாதியா ஏத்துக்கிட்டோம். பழைய பாக்கி ரெண்டாவது தவணை மட்டும் பத்து நாள் தள்ளி வந்து சேர்ந்துச்சு.

ஒண்ணு மட்டும் ஊறுகாய் போடுற அந்த வாசகர் நினைவு வச்சுக்கணும். முன்பணம் வாங்கின நிமிசத்துலேருந்து கடன்காரர் நாமதான். போன ஐப்பசியில அஞ்சு நாள் விடாம மழை. காயவைக்க வெயில் இல்ல, பருப்பு ஈரமா இருந்தா எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். செவ்வாய்க்கிழமை செக்கு ஓடல. அன்னைக்குக் காலையிலயே அவருக்குப் போன் பண்ணினேன்: "தம்பி, பணத்தைத் திருப்பிப் போடவா, இல்ல ஒரு வாரம் பொறுப்பீங்களா?" பொறுக்கிறேன்னார். இப்ப அந்தப் பணத்தை எண்ணெய் லாரி ஏறுற வரைக்கும் செலவு பண்றதில்ல. கூலிக்கும் கேனுக்கும் மட்டும் எடுப்பேன், மீதி கணக்குலயே கிடக்கும்.