தோரணத்துக்கு ஒரு குருத்தின் மேல்பாதி போதும்

ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது புளியறைப் பக்கத் தென்னந்தோப்புகளில் குருத்து வெட்ட ஆள் வருவார்கள். கல்யாண வீட்டுக்குத் தோரணம் கட்ட வெளிர்மஞ்சள் குருத்தோலை வேண்டும். வருகிறவர் உயரமான மரத்தில் ஏற மாட்டார். கைக்கு எட்டுகிற ஐந்து, ஆறு வயது மரங்களாகப் பார்த்து, குருத்தை அடியோடு சீவி எடுத்துக்கொண்டு போய்விடுவார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை.

எங்கள் பகுதி விவசாயி ஒருவர் அப்படித்தான் ஆனி மாதச் சாரலில் ஆறு மரங்களில் குருத்து வெட்டக் கொடுத்தார். புரட்டாசியில் என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனார். மூன்று மரங்களில் புதுக் குருத்து வெளுத்து வாடி நின்றது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது, அடியில் அழுகிய நாற்றம். நான்காவது மரத்தின் தண்டில் ஓட்டை விழுந்து, பழுப்பு நிறச் சாறு வடிந்து, மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருந்தது. முதல் மூன்றும் குருத்தழுகல், நான்காவது சிவப்புக் கூன்வண்டு. "மழைக்காலம்னா இப்படித்தான் ஆகும் போல சார்" என்றார். மழை ஒரு காரணம்தான். வழி திறந்துவிட்டது அரிவாள்.

தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. குருத்துக்கு அடியில், மட்டைகளின் நடுவே அது ஒளிந்திருக்கிறது. கிளை கிடையாது, அது போனால் மரம் போச்சு. குருத்தை அடியில் சீவும்போது ஈரமான பச்சைக் காயம் அந்த முனைக்கு மேலேயே விழுகிறது. சாரல் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கினால் அழுகல் பூசணத்துக்கு வசதி. காயத்தின் வாடைக்குக் கூன்வண்டு வந்து அங்கேயே முட்டையிடும். 5 முதல் 15 வயது வரையுள்ள மரங்களைத்தான் இந்த வண்டு அதிகம் தேடும். தோரணத்துக்கு வெட்ட வசதியான மரங்களும் அவையே.

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு ஓலை வேண்டும்? தோரணம் பின்னுவதில் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். வாசலில் 20 அடிக் கயிறு, உள் திண்ணையில் 10 அடிக் கயிறு என்று வைத்துக்கொண்டோம். அரை அடிக்கு ஒரு தோரணம் வீதம் 60 தோரணம். ஒரு தோரணத்துக்கு ஒரு தனி ஓலை. வளர்ந்த தென்னை மட்டை ஒன்றில் இரு பக்கமும் சேர்த்து இருநூறுக்குக் குறையாமல் தனி ஓலைகள் இருக்கும். குருத்துக்குள்ளும் அதே எண்ணிக்கைதான், விரியாமல் அடுக்கி வைத்தது போல இருக்கும். நுனியில் உள்ள குட்டை ஓலைகளைக் கழித்துவிட்டாலும், மேல்பாதியில் மட்டும் அறுபது, எழுபது தேறுகிறது. ஆக, ஒரு மரத்துக் குருத்தின் மேல்பாதி அந்த வீட்டுக்குப் போதும். ஆறு குருத்து வெட்டுவது பந்தல்காரர் எண்ணிப் பார்க்காத பழக்கம், அவ்வளவுதான்.

மேல்பாதியை மட்டும் எடுத்தால் காயம் வளரும் முனையிலிருந்து தள்ளி, காற்றுப்படும் உயரத்தில் இருக்கும். அடிப்பாதி பிறகு விரிந்து, நுனி மொட்டையான மட்டையாக மரத்துக்குச் சோறு ஆக்கிக் கொடுக்கும். ஆனாலும் இளமரத்தில் இதுவும் வேண்டாம். காய்ப்பு ஓய்ந்த நெட்டை மரத்தில் ஆள் ஏற்றி எடுங்கள். எப்படியும் வெட்டி அகற்றப் போகிற மரம் இருந்தால் அதைவிட நல்லது. வெட்டிய இடத்தில் அன்றே 10 சதவிகித போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான் ஆகும், இரும்பு கூடாது. தீட்டிய கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்க்கவும்.

இனிப் பின்னல். தென்னங்குருத்தை ஊற வைக்கிறவர்கள் உண்டு. பெரியவர் அதைக் கேட்டதும் முகம் சுளித்தார். "குருத்தத் தண்ணியில போடாதீங்க சார், கொழகொழத்துப் போவும். அதுக்குள்ளயே தண்ணி இருக்குல்லா" என்றார். முதல் நாள் மாலை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாலே போதும். வெட்டிய உடனே மடித்தால் விறைப்பில் ஓலை ஒடியும். ஒரு இரவு கழிந்தால் லேசாகத் துவண்டு, சொன்னபடி மடங்கும். வெயில் பட்டால் விளிம்பு சுருண்டு பழுப்பேறிவிடும். கட்டிய தோரணம் இரண்டு நாள் நிறம் மாறாமல் நிற்கும். ஆகவே விசேஷத்துக்கு முந்தின நாள் பின்னுவதே சரி.

அவர் செய்து காட்டியது நான்கு குருவித் தோரணம். ஒன்றரை அடி நீளமுள்ள தனி ஓலையை எடுத்து, தடித்த பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப் பிடிக்க வேண்டும். நடுவில் ஈர்க்கு, இரு பக்கமும் ஓலை. மேலே ஒரு சாண் அளவை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே இரு பக்க ஓலையையும் ஈர்க்கிலிருந்து கிழித்துப் பிரித்து, நடு ஈர்க்கை நறுக்கி எடுத்துவிடுகிறார். இப்போது இரண்டு நாடா தொங்குகிறது. ஒவ்வொன்றையும் நடுவில் கிழித்தால் நான்கு. இதற்குக் கத்தியைவிட ஊக்கு நல்லது. ஊக்கு ஓலையின் நரம்பைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். கத்தி நரம்பைக் குறுக்கே அறுத்துவிடுவதால் காய்ந்ததும் விளிம்பு நாராக உரியும்.

அடுத்து, ஒவ்வொரு நாடாவும் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, விடப்பட்ட சாண் பகுதியில், நரம்போடு சேர்ந்த வாக்கில் நெட்டுக்குத்தாக ஒரு சிறு கீறல். நாடாவின் அகலம் எவ்வளவோ கீறலும் அவ்வளவே. நாடாவைப் பின்பக்கமாக வளைத்து மேலே கொண்டுவந்து, நுனியைப் பின்னாலிருந்து கீறலுக்குள் நுழைத்து முன்னால் இழுக்க வேண்டும். வளையம் கட்டைவிரல் பருமனுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் வளையம் நசுங்கி மடிப்பாகிவிடும், மறுபடி உப்பாது. முன்னால் நீட்டிய நுனியை மேல்நோக்கி வைத்துச் சாய்வாக வெட்டினால் அதுதான் அலகு. நாலு நாடாவுக்கும் இதே வேலைதான். மீதமுள்ள மேல்பகுதியைக் கயிற்றின் மேல் மடித்துப் போட்டு, இரண்டு மடிப்பையும் சேர்த்து ஈர்க்குத் துண்டால் குத்திவிட்டால் காற்றுக்கு நகராது. நறுக்கி எடுத்த ஈர்க்கு இங்கே உதவுகிறது. கைபழகிய பிறகு ஒரு தோரணத்துக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

குருவியின் எண்ணிக்கையும் தலை நிற்கும் திசையும் சும்மா இல்லை. இலங்கைத் தமிழர் வழக்கில் மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவி, தலை மேல்நோக்கி இருக்கும். துக்க வீட்டுத் தோரணத்துக்கு மூன்று குருவி, தலை கீழ்நோக்கி. பழகும் பிள்ளைகள் கவனக்குறைவாக ஒரு நாடாவைக் கிழித்துப்போட்டு மூன்றோடு நிறுத்தினால், அந்த ஓலையைக் கழித்துவிடுவதே நல்லது. கல்யாண வீட்டில் யாராவது ஒரு பாட்டி அதைக் கண்டுபிடித்துவிடுவார்!

"தோரணம் கட்டத் தென்னையே வேண்டாம், வேறு வழி உண்டா?" என்று கேட்கிறவர்களுக்குப் பனையைச் சொல்வேன். மஞ்சள் நிறம் தென்னை அளவுக்கு வராது. ஆனால் காய்ந்த பனங்குருத்தோலை மாதக்கணக்கில் கெடாது. ஊற வைக்கும் வேலை இதில்தான் வருகிறது. பனைக்கும் வளரும் முனை ஒன்றுதான். அதனால் வடலியின் குருத்தை மொத்தமாக உருவாமல், பனையேறிகள் ஓலை கழிக்கும் சமயத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓலையைத் தனித்தனியாகக் கிழித்து, ஈர்க்கை நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்துக் கட்டி வைக்கலாம்.

பின்னுகிற அன்று அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். ஒரு நாடாவை விரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விட்டால் ஈரம் போதாது. நகத்தால் அழுத்தும்போது தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம். ஈரம் அதிகமான ஓலை காயும்போது சுருங்கும், இன்று இறுக்கமாகப் போட்ட முடிச்சு நாளைக்குத் தளர்ந்து தொங்கும். இரவு முழுக்க ஊறப்போட்டால் நாற்றமும் கரும்புள்ளியும் வரும்.

பனை நாடாவில் செய்ய எளிய பறவை ஒன்று உண்டு. ஒரு விரற்கடை அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள நாடாவில் சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போட்டு, கசங்காமல் மெல்ல இழுத்துத் தட்டையாக அழுத்தினால் ஐந்து மூலையுள்ள உடம்பு கிடைக்கும். இரண்டு முனைகளும் மேல்நோக்கி விரிந்து நிற்கும். குட்டை முனையை அலகாகச் சாய்த்து வெட்டுங்கள். நீண்ட முனையை ஊக்கால் மூன்று, நான்காகக் கீறினால் வால். முடிச்சின் மடிப்புக்குள் இன்னொரு சிறு நாடாவைக் குறுக்கே செருகினால் இறக்கை. வாலைக் கீறுவதற்கு முன் ஒரு மணி நேரம் நிழலில் உலரவிட்டு, முடிச்சை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். நூலில் கோத்து, இரண்டு தோரணத்துக்கு நடுவே ஒன்றாகத் தொங்கவிடலாம்.

விசேஷம் முடிந்ததும் தென்னந்தோரணத்தை மண்புழு உரக்குழியில் போட்டுவிடலாம். பனைப் பறவைகளை ஈரம் இல்லாமல் காய வைத்து, வேப்பிலையோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு எடுத்து, வளைந்த இறக்கையில் கொஞ்சம் தண்ணீர் தடவி நிமிர்த்தினால் மறுபடி கட்டலாம்.