டைமரும் அதே போனில்தான்

பார்லர் உரிமையாளர் என் மேசையில் முதலில் வைத்தது ஒரு போட்டோ. சுவரில் ஒட்டிய அறிவிப்பு: 'வேலை நேரத்தில் மொபைல் பயன்படுத்தக் கூடாது.'

"ரூல் இருக்கு வக்கீல் சார். அந்தப் பொண்ணு மீறினா நான் என்ன பண்ண முடியும்?"

முடியை நேராக்கிக்கொள்ள வந்த பெண், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருந்தார். கிரீம் தலையில் அளவுக்கு மீறி இருந்துவிட்டது. ஈர முடி ரப்பர் போல இழுபட்டு அறுந்திருக்கிறது, காதோரம் புண். நோட்டீஸ் வந்தால் பதிலுரைக்கு 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்குள் சிசிடிவி பதிவைப் பார்த்துவிட்டேன்.

கிரீம் பூசினால் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு இழையைத் துடைத்து, இழுத்துப் பார்க்க வேண்டுமாம். பதிவில் ஆறாவது நிமிடம் போன் வருகிறது. ஊழியர் அதைத் தோளில் இடுக்கிக்கொள்கிறார். வைத்ததும் இன்னொரு அழைப்பு; அது முடிந்ததும் அந்தக் கதை பக்கத்து நாற்காலிக்குப் போகிறது. நடுவில் இரண்டு முறை வாடிக்கையாளர் காதைத் தொட்டுக் காட்டுகிறார். 19 நிமிடம் யாரும் தலையைத் தொடவில்லை.

"டைமர் எங்கே வைப்பாங்க?"

"அவ போன்லதான்."

"முதல் கால் யாருது?"

கொஞ்சம் தயங்கினார். சாயங்கால அப்பாயின்ட்மென்ட்டைக் கேட்கக் கூப்பிட்டது அவரேதான்.

சுவரில் ஒட்டிய அந்த அறிவிப்பு நமக்கு ஆதரவில்லை, எதிரி என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். ஆபத்து தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அமல்படுத்தவில்லை என்பதற்கு பதிவு சாட்சி. ஊழியரின் கவனக்குறைவுக்கு நிறுவனமும் பொறுப்பு.

எதிர்த்தரப்பு 20 லட்சம் கேட்டது. டெல்லி ஓட்டல் சலூன் வழக்கில் 2021-ல் தேசிய ஆணையம் கொடுத்த 2 கோடியைக் காட்டினார்கள். இழப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று அந்தத் தொகையை 2023-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை நான் காட்டினேன். தொகையைக் குறைக்க அது உதவியது. குறையை மறைக்க உதவவில்லை. சேவைக் கட்டணம், தோல் மருத்துவரின் பில்கள், மேலே ஒரு தொகை என்று சமரசமாக முடித்தோம்.

பிறகு விதியைத் திருத்த உட்கார்ந்தோம். மீறினால் 500 ரூபாய் பிடிக்கலாமா என்றார். இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது, முன் அனுமதி பெற்ற காரணங்களுக்கு மட்டும், அதுவும் ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றேன். போனால் நடந்துகொண்டிருந்த வேலையை வேறு எதற்காவது கொடுத்தால்தான் போனை எடுத்துவைக்க முடியும். ஒவ்வொரு டிராலியிலும் ஒரு சமையலறை டைமர். புக்கிங் அழைப்பு ரிசப்ஷனுக்கு மட்டும். வீட்டு அவசரத்துக்கும் அந்த எண்தான். அப்படி அழைப்பு வந்தால் உடனே இன்னொருவர் வந்து நாற்காலியைப் பார்த்துக்கொள்வார். கிரீம் தலையில் இருக்கும்வரை நாற்காலிக்கு நாற்காலி சொந்தக் கதை கிடையாது. அதற்கு இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் பத்து நிமிடம்.

தாளில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்றேன். வேலை நடக்கும்போது ஊழியர் போனுக்குக் கூப்பிடக் கூடாது என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.