ஈயத்தில் ஓர் எழுத்து

ஸ்கேன் சென்டர்களில் இப்போது ஃபிலிமைவிடப் போன்தான் அதிகம் நீட்டப்படுகிறது. வேறு ஊரில் எடுத்த படத்தை யாரோ ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள். உறையும் இருக்காது, ரிப்போர்ட்டும் இருக்காது. படத்தில் என்ன நோய் என்று சொல்வது டாக்டர் வேலை. அதற்கு முன்னால், இது எந்தக் கருவியில் எடுத்தது, இதில் வலது எது இடது எது என்று தெரிய வேண்டும். அது ரேடியோகிராஃபரின் தொழில். தெற்கே ஒரு மாவட்டத் தலைநகரில், இருட்டறையில் டெவலப்பர் தொட்டியில் ஃபிலிம் நனைத்துத் தொழில் தொடங்கிய ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். சென்டரில் எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’.

“எலும்பைப் பாருங்க சார். எந்த மெஷின்னு அதுவே சொல்லிடும்” என்றார்.

சொன்னதோடு விடாமல் கம்ப்யூட்டரில் காட்டவும் செய்தார். நெஞ்சு எக்ஸ்ரேயில் முன் விலா, பின் விலா, இதயம், முதுகெலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எக்ஸ்ரே என்பது நிழல்தானே. உடம்பின் முழுக் கனமும் ஒரே தாளில் விழுந்துவிடும். ஒன்றின் மேல் இன்னொன்று தெரிந்தால் அது எக்ஸ்ரே. அப்படித் தெரியாமல், அறுத்துவைத்த வெள்ளரித் துண்டு மாதிரி ஒரே ஒரு தளம் மட்டும் தெரிந்தால் சி.டி., இல்லாவிட்டால் எம்.ஆர்.ஐ.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டில்தான். தலைப் படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருக்கும். வெள்ளை என்றால் மண்டையோடு, ஆகவே சி.டி. என்று சொல்லிவிடுவார்கள். அண்ணன் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தார். சி.டி.யில் வெள்ளை வளையமே எலும்பு. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1000 என்று சி.டி. வைத்திருக்கும் அளவுகோலில் கெட்டி எலும்பு பல நூறுகளைத் தாண்டி நிற்கும்; அதனால் அங்கே அதுதான் பளிச்சென்று இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் வெளியே தெரிந்த வெள்ளை வளையம், தோலுக்கு அடியிலிருக்கும் கொழுப்பு. அதற்கு உட்புறம் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. மண்டையோடு அந்தக் கறுப்புதான். எம்.ஆர்.ஐ. தேடுவது தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனை. கெட்டி எலும்பில் அதற்குப் பிடிகொடுக்கிற ஹைட்ரஜன் மிகக் குறைவு.

அல்ட்ராசவுண்டை விசிறி வடிவத்தை வைத்தே கண்டுகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோபில் அது சரி; கழுத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் வைக்கிற நேரான புரோபில் படம் செவ்வகமாகத்தான் வரும். பொடி தூவியதுபோன்ற அந்தச் சொரசொரப்பு இரண்டிலும் இருக்கும். எலும்பு வந்தால் மேல்பரப்பு மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே ஒரே இருட்டு. ஒலி எலும்பைத் தாண்டிப் போவதில்லை.

எந்தக் கருவி என்பது இப்படி ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. பக்கம் பிடிபடவில்லை.

வழக்கம் என்னவோ எளிதுதான். நோயாளி நம்மை எதிர்நோக்கி நிற்பதாக வைத்து எக்ஸ்ரேயைப் பார்க்க வேண்டும். அவருடைய வலது கை நம் இடது பக்கம் வரும். சி.டி.யின் குறுக்குவெட்டை, படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று பார்ப்பதாக எண்ண வேண்டும்; அப்போதும் அவர் வலது நம் இடதுதான். ஆனால் இந்த வழக்கத்தைப் படம் எடுத்தவர் காப்பாற்றினாரா என்பதுதான் கேள்வி. நான் இருந்தபோதே அப்படி ஒன்று வந்தது.

பித்தப்பை ஆபரேஷனுக்கு முன் வயிற்று ஸ்கேன் எடுக்க வந்த ஒருவர், வேறு இடத்தில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயைப் போனில் காட்டினார். இதயத்தின் நுனி எங்கள் இடது பக்கம் சாய்ந்திருந்தது. வழக்கப்படி அது அவருடைய வலது. மேல் மூலையில், அதே பக்கம், R என்ற எழுத்தும் இருந்தது. எழுத்து நேராகப் படிக்க வந்ததால், ஃபிலிமைப் பின்புறமாகப் பிடித்துப் போட்டோ எடுத்திருப்பார்கள் என்ற சந்தேகம் அடிபட்டுப்போனது.

“வயித்துக் காத்தும் அதே பக்கம் இருக்குண்ணே. அப்ப படத்தைத் திருப்பித்தான் போட்டிருக்காங்க” என்றார் பயிற்சிக்கு வந்திருந்த பெண். இரைப்பைக் காற்றும் இதய நுனியைப் போலவே இடது பக்கம், உதரவிதானத்துக்குக் கீழே கறுப்புக் குமிழாகத் தெரிய வேண்டியது.

“அவசரப்படாதம்மா. உள்ளுறுப்பு எல்லாமே இடம் மாறிப் பொறக்கிறவங்க இருக்காங்கல்ல? அவங்களுக்கும் ரெண்டும் சேந்துதான் மாறும்.”

இதயம் மட்டும் மாறி, குமிழ் தன் இடத்தில் இருந்தால் படமே நம்மிடம் பேசியிருக்கும். இரண்டும் சேர்ந்து மாறினால், திருப்பிய படத்துக்கும் திரும்பிய உடம்புக்கும் படத்துக்குள்ளே வித்தியாசமே கிடையாது. எல்லாப் பாரமும் அந்த ஒரு எழுத்தின் மேல் விழுகிறது.

அண்ணன் எழுத்தைப் பெரிதாக்கினார். மேசை டிராயரிலிருந்து தன்னுடைய எழுத்துகளையும் எடுத்து வைத்தார்: ஈயத்தில் செய்த R, L, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் பெயரின் முதலெழுத்து. படம் எடுக்கும்போதே இதைப் பிளாஸ்டரால் ஒட்டினால் உடம்போடு சேர்ந்து இதன் நிழலும் விழும். கையால் ஒட்டியதால் கொஞ்சமாவது சாய்ந்திருக்கும், பிளாஸ்டர் விளிம்புகூடச் சில சமயம் லேசாகத் தெரியும். போனிலிருந்த R துளியும் சாயவில்லை. நோயாளி பெயர் அச்சாகியிருந்த அதே எழுத்துருவில் இருந்தது. படம் எடுத்தபிறகு கம்ப்யூட்டரில் போட்டது.

“இது சாட்சி இல்ல சார், அபிப்பிராயம்” என்றார்.

தவறு நேர வழியும் உண்டு. நெஞ்சுப் படத்தை முதுகுப்பக்கமிருந்து எடுப்பது முறை. எழுந்து நிற்க முடியாதவருக்கு முன்பக்கமிருந்து எடுப்பார்கள். மெஷினில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு மற்றதை எடுத்தால், சில கருவிகளில் படம் இடவலம் மாறி வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் மூலையில் R என்று அடித்தால் முடிந்தது.

பக்கத்து அறையில் டாக்டரம்மா வயிற்று ஸ்கேனைத் தொடங்கினார். புரோபின் ஒரு பக்கத்தில் சின்ன மேடு இருக்கிறது. குறுக்காக வைக்கும்போது அது நோயாளியின் வலது பக்கம் பார்க்க வேண்டும், திரையில் அந்த விளிம்பு நம் இடதாக வரும். திருப்பிப் பிடித்தால் இங்கும் இடவலம் மாறிவிடும். அதனால் ஜெல் தடவிய முனையின் ஒரு விளிம்பை விரலால் தொட்டு, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகு வலது விலாவுக்குக் கீழே வைத்தார். ஈரல் அங்கேதான் இருந்தது, அதன் அடியில் பித்தப்பையும் கல்லும்.

ஈரல் வலது பக்கம் என்றால் இரைப்பை இடது பக்கம். எக்ஸ்ரேயில் குமிழும் இதய நுனியும் ஒரே பக்கம். ஆகவே இதயமும் இடது. மாறியது படம்தான். டாக்டரம்மா அவர் இடது மார்பில் கை வைத்துத் துடிப்பையும் பார்த்துவிட்டு, நெஞ்சு எக்ஸ்ரேயை மறுபடி எடுக்கச் சொன்னார்.

சி.டி.யில் இது இன்னும் மறைவாக நடக்கும். தலை முதலில் உள்ளே போகிறதா, கால் முதலில் போகிறதா என்று டெக்னீஷியன் தொடக்கத்திலேயே `HFS` அல்லது `FFS` என்று தேர்ந்துவிட வேண்டும். மாற்றித் தேர்ந்தால் அத்தனை வெட்டுகளிலும் இடமும் வலமும் மாறும். மெஷின் அதன்மேல் தானாகவே எழுத்தும் போட்டுவிடும். வயிறு என்றால் ஈரல் காட்டிக்கொடுக்கும். தலையில் அப்படி ஓர் உறுப்பு இல்லை.

கையிலும் இல்லை. கவிழ்த்து வைத்த இடது கையின் எக்ஸ்ரேயைத் திருப்பிப் போட்டால் அது வலது கைதான். எந்த எலும்பை வைத்தும் மறுத்துச் சொல்ல முடியாது. அதனால் கை, கால் படத்தில் ஈய எழுத்தின் நிழல் விழாவிட்டால் அண்ணன் கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பதில்லை. வலிக்கிற விரலை நோயாளியே காட்டினாலும், டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி எடுக்கிறார். காசு வாங்குவதில்லை. முதலாளிக்கு அதில் வருத்தம் உண்டு.