தாத்தாவின் சைக்கிள்

எங்கள் வீட்டில் 1941 என்றால் ஒரு சைக்கிள்தான். "ஒங்க தாத்தா தொரைக்கு முன்னால சைக்கிள விட்டு எறங்க மாட்டேன்னு நின்ன ஆளுடா" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. அந்தச் சைக்கிளை நம்பித்தான் நான் வரலாறு படிக்கப் போனேன்.

இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் சனிக்கிழமைகளில் நான்காம் படிவ மாணவர்களுக்கு வரலாறு சொல்லித்தருகிறேன். ஒரு நாள் அவர்களிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒன்று, வேலைநிறுத்தக்காரர்களின் கோரிக்கைப் பட்டியல். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் தகாதபடி நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது, துரை முன்னாலும் கிராணி முன்னாலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை ஆகியவை அதில் இருந்தன. இன்னொன்று, ஆளுநர் ஷெண்டன் தாமஸ் லண்டனுக்குச் சொன்ன விளக்கத்தின் சாரம். கலகத்துக்கு முக்கியக் காரணம் ஆர்.எச்.நாதன் போன்ற தூண்டிவிடுபவர்கள் என்பது அவர் கட்சி.

"வெள்ளக்காரன் எழுதுனது பொய்தான் சார். தூக்கிப் போட்டுறலாம்" என்றான் ஒரு பையன்.

தூக்கிப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கச் சொன்னேன். எழுதியது யார்? யாருக்கு? எப்போது? இப்படி எழுதுவதால் அவருக்கு என்ன லாபம்? மெதுவாகப் பதில்கள் வந்தன. எழுதியவர் ஆளுநர். படிப்பவர்கள் அவருடைய மேலதிகாரிகள். போர்க்காலம், பிரிட்டனுக்கு ரப்பர் வேண்டும். 1941 மே மாதம் நாதனைக் கைது செய்த பிறகு போராட்டம் முற்றி, ராணுவம் வந்து, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். அதற்கு அவர் காரணம் சொல்லியாக வேண்டும். பழியை ஒரு மனிதர்மேல் போட்டால் கூலியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

"அப்ப பொய்தானே சார்?"

எதைப் பற்றி என்று கேட்டேன். காரணத்தைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் ராணுவத்தை அழைத்ததை அவர் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. அது அவருக்கே சங்கடம். அரசாங்கம் எதற்குப் பயந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆகவே 'நம்பலாமா' என்பது பாதிக் கேள்விதான். 'எதற்கு நம்பலாம்' என்று கேட்டால்தான் முழுமையாகும்.

அடுத்து அதே நான்கு கேள்விகளைக் கோரிக்கைப் பட்டியலுக்கும் கேட்கச் சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அது நம்முடையது அல்லவா! முன்னின்றவர்கள் கிள்ளான் இந்தியர் சங்கத்தார். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தவர். படித்தவர்களின் கை பட்ட தாள் அது. பால்வெட்டுக்காரர்கள் எல்லாருமே கள்ளுக்கடையை மூடச் சொல்லியிருப்பார்களா? "எங்க தாத்தா கண்டிப்பா சொல்லியிருக்க மாட்டாரு சார்" என்றாள் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதைப் பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு கோரிக்கைப் பட்டியல் லயத்துக்குள் இருந்த கருத்து வேறுபாட்டைக் காட்டாது. எல்லாரும் ஒரே குரலில் பேசுவதாகக் காட்டுவதுதான் அதன் வேலை.

அந்தச் சைக்கிள் வரி மட்டும் வேறு மாதிரி. கூலி, கல்வி எல்லாம் எந்தச் சங்கமும் கேட்கக்கூடியவை. சைக்கிள் விஷயம் அவ்வளவு சின்னது. அன்றாடம் இறங்கி இறங்கி நொந்தவர்களிடமிருந்துதான் அது வந்திருக்க வேண்டும். வழக்கம் இல்லாவிட்டால் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எழுதியவர் நிரூபிக்க நினைக்காத ஒன்றை அந்த வரி நிரூபிக்கிறது.

அன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியின் கதை நினைவுக்கு வந்தது. அதையும் கேட்காமல் விட்டால் மாணவர்களுக்குச் சொன்னதற்கு அர்த்தமில்லை. பாட்டிக்கு அப்போது ஆறு வயது. தாத்தாவை அவர் பார்த்ததே கல்யாணத்தின்போதுதான். பெரியப்பாவிடம் விசாரித்தேன். "மொத சைக்கிளா? ஜப்பான்காரன் போனதுக்கப்புறம்தான் வாங்குனாரு" என்றார். தாத்தா புதுச் சைக்கிளோடு நிற்கும் படத்தை எடுத்துவந்து காட்டினார். பின்புறத்தில் 1949 என்று இருந்தது.

சங்கடமாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதை வகுப்பில் சொன்னேன்.

"அப்ப ஒங்க பாட்டி பொய் சொன்னாங்களா சார்?" அதே பையன்தான் கேட்டான்.

பதில் சொல்லாமல் அவனையே பார்த்தேன். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "தாத்தாவுக்குச் சைக்கிள் இருந்துச்சுங்கிறதுக்கு நம்ப முடியாது சார். ஆனா எறங்கச் சொன்னது எல்லாருக்கும் எவ்வளவு வலிச்சிச்சுங்கிறதுக்கு நம்பலாம்."

படத்தை மறுபடி பையில் வைத்தேன். அதில் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கித்தான் நிற்கிறார், படம் எடுப்பதற்காக.