இரண்டாம் பொத்தான்

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், கரியாஹாட் அடங்கிய தெற்குக் கொல்கத்தாத் தொகுதிக்கு ஜூன் 1ஆம் நாள் வாக்குப்பதிவு நடைபெற்றது. என்னிடம் தமிழ் பயின்று சென்ற சிலருக்கு அதுவே முதல் வாக்கு. "உள்ளே என்ன செய்யவேண்டும் என்று பேசி அனுப்புங்கள், ஐயா" என்று கேட்டனர். நடைபாதைக் கடைக்காரர்களின் கூவல் அடங்கிய பின்னிரவில், கைப்பேசியில் பேசிப் பதிவு செய்தேன்.

அதில், "எடுத்துக்காட்டாக, இரண்டாம் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்று கொள்வோம்" என்று கூறியிருந்தேன். முதலில் கேட்ட மாணவி உடனே அழைத்தாள். "ஐயா, இரண்டாம் இடத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தீர்களா?"

நான் பார்க்கவில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலிலும், பதிவு மட்டும் பெற்ற கட்சியினர் அடுத்தும், சுயேச்சைகள் இறுதியிலும் வருவர். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயர்கள் அகர வரிசையில் அமையும். ஆகவே, இரண்டாம் பொத்தான் பெரும்பாலும் ஒரு பெரிய கட்சியினுடையதே. எண்ணைச் சொன்னாலே ஒருவரைச் சுட்டியதாகிவிடும். பூ, இலை என்று எடுத்துக்காட்டுச் சொல்லவும் வழியில்லை, அவையும் சின்னங்களாயிற்றே! "நீங்கள் தேர்ந்த பெயருக்கு நேராக உள்ள நீலப் பொத்தான்" என்று மாற்றிப் பேசினேன். எவரையும் ஏற்காதவர்களுக்கு நோட்டா என்னும் பொத்தான் இறுதியில் உண்டு என்பதையும் அதே குரலில் கூறினேன். அழுத்தமும் தரவில்லை, அடக்கியும் வாசிக்கவில்லை.

வாக்குச்சாவடிக்குள் கைப்பேசிக்கு இடமில்லை; கேட்டதை நினைவில் கொண்டுதான் செல்லவேண்டும். எனவே கண்ணுக்கும் காதுக்கும் புலப்படும் அடையாளங்களைச் சொன்னேன். முதல் அலுவலர் அடையாள அட்டையைப் பட்டியலோடு ஒப்பிடுவார். அடுத்தவர் கையொப்பம் பெற்று, இடக்கைச் சுட்டுவிரலில் மையிட்டு, ஒரு சீட்டுத் தருவார். அதைப் பெறும் அலுவலர் தம் கருவியை இயக்கியதும், மறைப்புக்குள் பச்சை விளக்கு எரியும். அதன் பின்னரே பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்திய பெயரருகே சிவப்பு விளக்கு ஒளிரும். பக்கத்துக் கருவியின் கண்ணாடிக்குள், வேட்பாளரின் பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு ஏழு நொடி தெரிந்து பெட்டிக்குள் விழும். நீண்ட ஓசை கேட்கும்வரை நகரக்கூடாது. அந்த ஓசையே வாக்குப் பதிவாயிற்று என்பதற்கு அடையாளம்.

சீட்டில் வேறு பெயர் தெரிந்தால்? வெளியேறுமுன் தலைமை அலுவலரிடம் கூறவேண்டும். அவர் எழுத்துமூலம் உறுதிமொழி பெற்று, முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு ஒன்றைப் பதியச் செய்வார். பொய்யாக முறையிட்டால் தண்டனை உண்டு என்பதையும் சேர்த்தேன்.

வாக்குப்பதிவன்று மாலை அம்மாணவி மையிட்ட விரலின் படத்தை அனுப்பினாள். அவள் பாட்டியும் என் செய்தியை இருமுறை கேட்டாராம். "எல்லாம் சொன்னார், யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லையே!" என்று குறைப்பட்டாராம்.