ஒரே அறை, இரண்டு தளங்கள்

சிவகாசியில் என் வீட்டு மாடியை ஹோம்ஸ்டேவாக இரண்டு இணையதளங்களில் போட்டிருக்கிறேன். இரண்டின் காலண்டர்களையும் லிங்க் கொடுத்து இணைத்திருக்கிறேன். இணைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் நம்புகிறார்கள். அந்த லிங்க் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே ஒரு செய்தியைத்தான்: எந்தெந்த இரவுகள் மூடியிருக்கின்றன என்பதை. வாடகை போகாது, குறைந்தபட்ச இரவுகள் என்ற விதியும் போகாது.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்குப் பத்து நாள் முன்பு, வெள்ளி 10ஆம் தேதி வந்து ஞாயிறு 12ஆம் தேதி புறப்படும் ஒரு புக்கிங்கை எடுத்துக்கொள்வோம். லிங்க்கைத் திறந்தால் அது இப்படி இருக்கும்:

```
DTSTART;VALUE=DATE:20251010
DTEND;VALUE=DATE:20251012
```

`DTEND` என்பது புறப்படும் நாள். அன்றைய இரவு காலி. எனவே 12ஆம் தேதி வந்து 13ஆம் தேதி போகிறவருக்குத் தாராளமாக அறை தரலாம். 11ஆம் தேதி வந்து 13ஆம் தேதி போகிறவருக்குத் தர முடியாது. இவர் வருவது 10ஆம் தேதி வந்தவர் புறப்படும் முன், அவர் வருவது இவர் புறப்படும் முன். இந்த இரண்டும் உண்மையானால் மோதல். கையால் மூடும்போது பலர் 10, 11, 12 மூன்றையும் தொட்டுவிடுகிறார்கள். ஒரு ஞாயிறு இரவு வீணாகப் போகும். ஒருவர் கிளம்பும் நாளின் இரவும் மூடிக் கிடந்தால், அதைக் கையால் மூடிவிட்டோமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு தளம் இந்த லிங்க்கை உடனே பார்ப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வந்து படிக்கும். அந்த இடைவெளியில் அங்கே 11ஆம் தேதிக்கு யாராவது பணம் கட்டினால் தளம் தடுக்காது. சாதாரண மாதங்களில் இது அரிது. பட்டாசு வாங்க வருபவர்கள் ஒரே சனிக்கிழமையைத் தேடும் வாரங்களில் அரிதல்ல. அதனால் புக்கிங் தகவல் வந்ததும் மறுதளத்தைத் திறந்து அந்த இரவுகளைக் கையால் மூடுகிறேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வார இறுதிகளை ஒரு தளத்தில் மட்டுமே திறந்து வைக்கிறேன். உடனுக்குடன் தேதிகளை மாற்றும் சேனல் மேனேஜர் மென்பொருள் உண்டு. ஒரே அறைக்கு அதன் மாதக் கட்டணம் கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு.

குறைந்தபட்ச இரவுகளை இரண்டு தளங்களிலும் தனித்தனியே மாற்ற வேண்டும். கொடைக்கானல் வீடுகளைப் பார்த்து இங்கும் இரண்டு என்று வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என்னிடம் வரும் கடைக்காரர் சரக்கை ஏற்றியதும் கிளம்பிவிடுவார். இரண்டு என்று வைத்தால், 10–12க்குப் பிறகு 13ஆம் தேதி அடுத்தவர் வருகிறபோது, நடுவில் உள்ள 12ஆம் தேதி இரவைத் தேடுகிறவருக்கு என் வீடே தென்படாது. காலண்டரில் அது காலியாகத்தான் தெரியும். யாராலும் பதிவு செய்ய முடியாது. அப்படி ஓர் இரவு தனியாக நின்றால், அந்தத் தேதிக்கு மட்டும் விதியை ஒன்றாக்குகிறேன், இரண்டு தளங்களிலும்.